உடை மாறலாம், ஆள் மாறக் கூடாது

முழு உருவப் படத்தில் நிற்கும் ஒருவரின் உடையை மட்டும் மாற்றித் தரும்படி படத்தொகுப்பு மாடலிடம் கேட்கிறோம். சுடிதார் இருந்த இடத்தில் பட்டுப்புடவை வந்துவிடுகிறது. கொசுவத்தின் மடிப்பு, தோளில் விழும் முந்தானை, தரையில் படியும் நிழல் எல்லாம் நம்பும்படி இருக்கின்றன. முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் சேதம் தெரிகிறது. கண்கள் குழைந்திருக்கின்றன, மூக்கின் ஓரம் கரைந்திருக்கிறது, உதட்டுக் கோடு ஒரு தீற்றலாக நிற்கிறது. அடுத்து நாம் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: முகத்தைக் கூர்மையாக்கும் கருவி ஒன்றில் படத்தைப் போடுகிறோம். முகம் பளிச்சென்று திரும்பி வருகிறது. ஆனால் அது அந்தப் பெண்ணின் முகம் அல்ல. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரியாக இருக்கக்கூடிய யாரோ ஒருவரின் முகம்.

மங்கிய முகமும் மாறிய முகமும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவதில் தகவல் குறைந்திருக்கிறது. இரண்டாவதில் தவறான தகவல் சேர்ந்திருக்கிறது. முதலாவதைத் தீர்க்கப் போய் இரண்டாவதை வரவழைப்பதே இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. உடை மாற்றத்துக்கு உள்ளான படத்தில் முகத்தை மீட்பது, பழைய மங்கிய புகைப்படம் ஒன்றை மீட்பதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்ட வேலை என்பது என் வாதம். பழைய படத்தில் தொலைந்த முகம் வேறெங்கும் இல்லை. இங்கே அது நம் கையிலிருக்கும் மூலப் படத்தில் அப்படியே இருக்கிறது. ஆகவே இங்கே முகத்தைப் புதிதாக உருவாக்கத் தேவையில்லை. இருப்பதைத் திருப்பிக் கொண்டுவந்து பொருத்தினால் போதும்.

முகம் எங்கே தொலைகிறது?

ஒரு மாதிரிப் படத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைபேசியில் எடுத்த படம். அகலம் 3000 பிக்சல், உயரம் 4000 பிக்சல். அதில் நிற்பவர் தலை முதல் கால் வரை 3200 பிக்சல் உயரம் இருக்கிறார். வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை என்பது ஓவியர்கள் பின்பற்றும் பொது அளவு. அதன்படி தலையின் உயரம் சுமார் 427 பிக்சல், அகலம் சுமார் 285. தலையின் அகலம் ஐந்து கண்ணுக்குச் சமம் என்பது இன்னொரு பொது அளவு. எனவே ஒரு கண்ணுக்கு 57 பிக்சல் கிடைக்கிறது. இது நல்ல அளவு. இமை மடிப்பு, கண்மணியின் ஒளிப்புள்ளி, புருவத்தின் முடிகள் எல்லாம் பதிவாகியிருக்கும்.

இன்றைய படத்தொகுப்பு மாடல்களில் பல, சுமார் பத்து லட்சம் பிக்சல் கொண்ட படத்தில்தான் சரியாக வேலை செய்கின்றன. எனவே நம் படம் முதலில் 864 × 1152 என்ற அளவுக்குச் சுருக்கப்படுகிறது. தலை இப்போது 123 பிக்சல் உயரம், கண் 16 பிக்சல் அகலம். கண் திறந்திருக்கும் உயரம் ஐந்தாறு பிக்சல்தான். இது முதல் இழப்பு. இதற்கும் மாடலின் திறமைக்கும் தொடர்பில்லை. வெறும் அளவுச் சுருக்கம்.

இரண்டாவது இழப்பு இன்னும் ஆழமானது. ஸ்டேபிள் டிஃப்யூஷன், ஃப்ளக்ஸ் போன்ற மாடல்கள் பிக்சல்களின் மீது நேரடியாக வேலை செய்வதில்லை. படத்தை முதலில் ஒரு குறியாக்கி சுருக்க வடிவமாக மாற்றுகிறது. வேலை முடிந்ததும் ஒரு குறிவிலக்கி அதைப் படமாக விரிக்கிறது. 8 × 8 பிக்சல் கொண்ட ஒவ்வொரு சதுரமும் ஒரு கட்டமாகிறது. மூன்று வண்ணங்களையும் சேர்த்தால் அந்தச் சதுரத்தில் 192 எண்கள் இருக்கும். 2022இல் வந்த முதல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் அவற்றை 4 எண்களாகச் சுருக்கியது. 2024இல் வந்த ஃப்ளக்ஸ் 16 எண்களாகச் சுருக்குகிறது. சேலை, சுவர், வானம் போன்றவற்றுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் நம் படத்தில் ஒரு கண்ணுக்குக் கிடைப்பது அகலவாக்கில் இரண்டே கட்டம், உயரத்தில் ஒரு கட்டம்கூட முழுதாக இல்லை. இரண்டு புள்ளி வைத்து மயில் கோலம் போடச் சொல்வது போன்றது இது. கண்மணி எந்தப் பக்கம் பார்க்கிறது, இமை எங்கே மடிகிறது என்பதையெல்லாம் அந்த இரண்டு கட்டங்கள் சுமக்க முடியாது.

மூன்றாவது இழப்பு மாடலின் கற்பனையால் வருவது. எழுத்து வழியாகக் கட்டளை பெற்றுப் படத்தைத் திருத்தும் மாடல்கள், மூலப் படத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, முழுப் படத்தையும் வெறும் இரைச்சலிலிருந்து மறுபடி உருவாக்குகின்றன. உடையை மட்டும் மாற்றச் சொன்னாலும் முகமும் புதிதாக வரையப்படுகிறது. வழிகாட்டியில் தெளிவில்லாத இடங்களை மாடல் தான் கற்ற சராசரியால் நிரப்புகிறது. அடையாளம் கைமாறுவது இந்த இடத்தில்தான். முதல் இரண்டு இழப்புகளும் முகத்தை மங்கலாக்குகின்றன. மூன்றாவது அதை வேறொருவராக்கத் தொடங்குகிறது.

உடைப் பகுதியை மட்டும் மாஸ்க் போட்டு மாற்றும் முறையில் மூன்றாவது இழப்பு இல்லை. ஆனால் அதிலும் முழுப் படமும் குறியாக்கிக்குள் போய்த் திரும்புவதால் முதல் இரண்டும் நேர்ந்துவிடுகின்றன. மாஸ்க்குக்கு வெளியே இருந்தும் முகம் மங்கியது ஏன் என்று பலர் குழம்புவதற்கு இதுவே காரணம்.

எந்த இழப்பு எவ்வளவு என்று பிரித்தறிய எளிய சோதனை உண்டு. மூலப் படத்தை 864 × 1152க்குச் சுருக்கி முகத்தைப் பார்க்க வேண்டும். அது முதல் இழப்பு. அதே படத்தை எந்தத் திருத்தமும் இல்லாமல் குறியாக்கி, குறிவிலக்கி வழியாக மட்டும் ஓட்டி எடுக்க வேண்டும். கூடுதலாகத் தெரியும் மங்கல் இரண்டாவது இழப்பு. இந்தப் படத்துக்கும் உடை மாற்றி வந்த படத்துக்கும் இடையே முகத்தில் தெரியும் வேறுபாடு மூன்றாவது. மூன்று படங்களையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கி அருகருகே வைத்தால், மங்கல் எங்கே முடிந்து மாற்றம் எங்கே தொடங்கியது என்பது கண்ணுக்கே தெரியும்.

முதல் வழி: மூல முகத்தைத் திருப்பி வைத்தல்

உடை மாறிய படத்தில் தலை பழைய கோணத்திலேயே இருந்தால், மூலப் படத்தின் முகத்தையே எடுத்து வைப்பதுதான் சரியான மருந்து. உருவாக்கும் மாடல் எதுவும் அந்த முகத்தைத் தொடவில்லை என்பதால் அடையாளத்தைப் பற்றிய கேள்வியே எழாது. நான்கு கட்டங்களாக இதைச் செய்யலாம்: அளவைச் சமமாக்குதல், இடத்தைப் பொருத்துதல், எல்லை வகுத்தல், நிறத்தை ஒத்திசைத்தல்.

அளவு விஷயத்தில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். மூல முகத்தைச் சிறிதாக்கி 864 × 1152 படத்தில் ஒட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் 427 பிக்சல் தலை 123ஆகிவிடுகிறது. முதல் இழப்பை நாமே நம் கையால் செய்கிறோம். உடை மாறிய படத்தை 3000 × 4000 அளவுக்குப் பெரிதாக்கி, அதன்மேல் மூல முகத்தை முழு அளவில் வைக்க வேண்டும். துணியைப் பெரிதாக்கும்போது மாடல் கொஞ்சம் கற்பனை செய்தாலும் பாதகமில்லை. துணிக்கு அடையாளச் சிக்கல் கிடையாது.

அடுத்தது இடம். திருத்தும் மாடல்கள் படத்தை ஓசையின்றிச் சற்று நகர்த்தவோ பெரிதாக்கவோ செய்வதுண்டு. சிறிய படத்தில் இரண்டு பிக்சல் நகர்ந்தால், பெரிய படத்தில் அது ஏழு பிக்சல். வழக்கமாக இரு கண்கள், மூக்கு நுனி, வாயின் இரு முனைகள் என ஐந்து புள்ளிகளை இரு படங்களிலும் கண்டறிந்து ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்துவார்கள். ஆனால் நம்மிடம் இருப்பது மங்கிப்போன முகம். குழைந்த கண்ணின் மையத்தை எந்தக் கருவியும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் புள்ளிகளை நம்பினால் பிழை முகத்துக்கே வந்துசேரும். அதனால் தலையைச் சுற்றியுள்ள பின்னணியிலிருந்து புள்ளிகளை எடுப்பது நல்லது. ஜன்னல் சட்டத்தின் மூலை, சுவரிலுள்ள கோடு, செடியின் இலை போன்ற கூரான அடையாளங்கள் இரு படங்களிலும் கிடைக்கும். அவற்றைக் கொண்டு நகர்வு, சுழற்சி, அளவு மாற்றம் ஆகிய மூன்றை மட்டும் கணக்கிட்டால் போதும். ஓப்பன்சிவி நூலகத்தில் அந்த வேலை இவ்வளவுதான்:

```python
M, ok = cv2.estimateAffinePartial2D(pts_old, pts_new)
face = cv2.warpAffine(old, M, (3000, 4000),
                      flags=cv2.INTER_LANCZOS4)
a = cv2.GaussianBlur(mask, (0, 0), 12)[..., None] / 255.0
out = face * a + new * (1 - a)
```

இதில் `old` மூலப் படம், `new` பெரிதாக்கிய திருத்தப் படம், `mask` முகப்பகுதி வெண்மையாகவும் மற்றது கறுப்பாகவும் உள்ள ஒற்றைத் தளப் படம். பின்னணிப் புள்ளிகள் சொல்லும் இடமும் முகப் புள்ளிகள் சொல்லும் இடமும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மாடல் பின்னணியை விட்டுவிட்டுத் தலையை மட்டும் நகர்த்தியிருக்கிறது. அப்போது ஒட்டிச் சமாளிப்பதைவிட, உடை மாற்றத்தையே வேறு தொடக்க எண்ணில் மறுபடி ஓட்டிப் பார்ப்பது மேல்.

தையல் எங்கே விழ வேண்டும்?

ஒட்டிய முகம் ஒட்டியதாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் எல்லையைத் தவறான இடத்தில் வகுப்பது. கண், மூக்கு, வாய் மட்டும் அடங்கும்படி ஒரு நீள்வட்டம் வரைந்து ஒட்டுவதே பல கருவிகளின் வழக்கம். அப்படிச் செய்தால் தாடையின் கோடும் கன்னத்தின் வெளி விளிம்பும் மாடல் வரைந்ததாகவே நின்றுவிடும். ஒருவரைத் தூரத்திலிருந்து நாம் அடையாளம் காண்பது பெரிதும் அந்த வெளிவடிவத்தைக் கொண்டுதான். கண் அவருடையது, தாடை வேறொருவருடையது என்றால், படத்தில் குறையென்று எதையும் சுட்டிக் காட்ட முடியாது. ஆனால் தெரிந்தவர்கள் ஒரு கணம் தயங்குவார்கள்.

ஆகவே தாடை, காது, நெற்றியின் முடியோரம் வரை எல்லாம் மூலப் படத்திலிருந்து வர வேண்டும். தையல் விழத் தகுந்த இடங்கள் இரண்டு. ஒன்று தலைமுடிக்குள், அங்கே கோடுகள் நெருக்கமாக இருப்பதால் சிறு பிசகு தெரியாது. மற்றொன்று தாடைக்குக் கீழே கழுத்தில் விழும் நிழல். இருண்ட பகுதியில் இரு படங்களின் நிறம் கலந்தாலும் கண் அதைக் கவனிப்பதில்லை. முகத்தின் பாகங்களைத் தோல், புருவம், காது, கம்மல், கழுத்து, முடி, துணி என்று தனித்தனியாகப் பிரித்துத் தரும் மாடல்கள் உண்டு. செலிப்ஏமாஸ்க்-எச்க்யூ என்ற படத்தொகுதியில் பயிற்றுவித்த மாடல்கள் இப்படி 19 வகைகளாகப் பிரிக்கின்றன. அவற்றைக் கொண்டு தோல், கண், புருவம், மூக்கு, வாய், முடி, காது ஆகியவற்றைச் சேர்த்து, துணியைக் கழித்து, மாஸ்க் செய்துகொள்ளலாம்.

புதிய உடை கழுத்தை மூடுவதாக இருந்தால், காலரின் மேல் விளிம்பே எல்லை. அங்கே மாஸ்க்கை அதிகம் மங்கலாக்கக் கூடாது; இல்லாவிட்டால் பழைய சுடிதாரின் நிறம் புதிய காலருக்குள் புகையாகக் கசியும். தலையில் முக்காடு வந்திருந்தால் அது மூடும் பகுதி முழுவதையும் மாஸ்க்கிலிருந்து கழிக்க வேண்டும். முக்காடு நெற்றியில் போடும் நிழல் மட்டும் மூலப் படத்தில் இருக்காது. அதை மெல்லிய இருட்டாகத் தனியே சேர்த்துக்கொள்ளலாம்.

தையல் பட்டையை மென்மையாக்கத்தான் டிஃப்யூஷன் மாடல் தேவைப்படும். தலையையும் கழுத்தையும் மட்டும் உள்ளடக்கிய பகுதியை வெட்டி 1024 பிக்சலுக்குப் பெரிதாக்கி, முகத்தின் நடுப்பகுதியை மாஸ்க்குக்கு வெளியே வைத்து, வளையம் போன்ற பட்டையை மட்டும் மறுபடி வரையச் சொல்ல வேண்டும். `denoise` அளவை 0.2 முதல் 0.35க்குள் வைத்தால் ஏற்கெனவே இருக்கும் உருவம் பெரும்பாலும் காப்பாற்றப்படும். முடிந்ததும் அந்த வளையத்தை மட்டுமே எடுத்துப் பெரிய படத்தில் சேர்க்க வேண்டும். முழு வெட்டுத் துண்டையும் ஒட்டினால், மாஸ்க்குக்கு வெளியே இருந்த முகமும் குறியாக்கி வழியாகப் போய்வந்த முகமாகிவிடும்; செய்த வேலை வீணாகும்.

நிறமும் அடையாளமே

முகத்தை வைத்த பிறகு அதன் நிறம் உடலோடு சேராமல் நிற்கலாம். அடர்நீலச் சுடிதாருக்குப் பதிலாகச் சிவப்புப் பட்டு வந்திருக்கிறது. அதிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் தாடையின் அடியில் இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். மாடல் அதைக் கழுத்தில் வரைந்திருக்கும். மூல முகத்தில் அது இருக்காது.

இங்கே வழக்கமான தீர்வு, இரு முகங்களின் சராசரி நிறத்தையும் சமமாக்குவது. அதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மாடல் உடையை மாற்றும்போது முகத்தையும் வெளுப்பாக்கியிருந்தால், அந்த வெளுப்பு நிறத்தை மூல முகத்தின்மேல் நாமே பூசிவிடுவோம். மாநிறமோ கறுப்போ கொண்டவர்களுக்கு இது வெறும் அழகியல் பிசகு அல்ல. தோலின் நிறம் அவர்களுடைய முகத்தின் பகுதி. அதை மாற்றினால் ஆளை மாற்றியதாகவே ஆகும்.

எனவே நிறத்துக்கு அளவுகோலாக முகத்தை எடுக்கக் கூடாது; பின்னணியை எடுக்க வேண்டும். பின்னால் இருக்கும் சுவரின் நிறம் மூலப் படத்திலும் திருத்திய படத்திலும் எவ்வளவு வேறுபடுகிறது என்று அளக்கலாம். சுவர் சற்று மஞ்சளாகியிருந்தால், படம் முழுவதும் அந்த அளவு நகர்ந்திருக்கிறது; அதே அளவு மாற்றத்தை முகத்துக்கும் கொடுக்கலாம். சுவர் மாறாமல் முகம் மட்டும் வெளுத்திருந்தால், அது மாடல் செய்த மாற்றம். முகம் மூல நிறத்திலேயே இருக்க வேண்டும். திருத்த வேண்டியது மாடல் வெளுக்க வைத்த கழுத்தையும் கைகளையும். உடையின் எதிரொளியைத் தாடையின் அடிப்பகுதியில் மட்டும், மேலே போகப்போகக் குறைந்து மறையும்படி சேர்த்தால் போதுமானது.

கடைசியாக, கேமரா பதிவு செய்த முகத்தில் நுண்ணிய மணல்போன்ற இரைச்சல் இருக்கும். மாடல் வரைந்த உடலில் அது இருக்காது. நிறம் சரியாக இருந்தும் முகம் மிதப்பதுபோல் தோன்றினால் பெரும்பாலும் இதுதான் காரணம். முகத்தை வழவழப்பாக்கி உடலோடு சேர்ப்பதைவிட, உடலுக்குச் சிறிது இரைச்சல் சேர்த்து முகத்தோடு இணைப்பதே சரி. விட்டுக்கொடுக்க வேண்டியது உடை, முகம் அல்ல.

கூர்மையாக்கும் கருவிகள் எங்கே தவறுகின்றன?

தலை திரும்பிவிட்டது, அல்லது மூலக் கோப்பு தொலைந்து சிறிய படம் மட்டுமே இருக்கிறது என்றால் மேற்சொன்ன வழி அடைபடும். அப்போதுதான் முகச் சீரமைப்பு மாடல்கள் தேவைப்படும். அவை என்ன செய்கின்றன என்பதைப் புரிந்துகொண்டுதான் அவற்றைக் கையில் எடுக்க வேண்டும்.

2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட பல்ஸ் என்ற முறை, 16 × 16 பிக்சல் முகத்திலிருந்து 1024 × 1024 பிக்சல் முகத்தை உண்டாக்கியது. அது ஒரு நிபந்தனையைக் கடைப்பிடித்தது: உருவாக்கிய பெரிய முகத்தைச் சுருக்கினால், கொடுத்த சிறிய படத்தோடு ஒத்துப்போக வேண்டும். அந்த ஆண்டு ஜூன் மாதம், மங்கலாக்கிய பராக் ஒபாமா படம் ஒன்றை அதில் இட்டபோது ஒரு வெள்ளையரின் முகம் வந்தது. அந்தப் படம் உலகெங்கும் பரவிப் பெரிய விவாதமானது. பயிற்சித் தரவின் சாய்வு பற்றியே அந்த விவாதம் பெரும்பாலும் நடந்தது. அது நியாயமானதுதான். ஆனால் நம் வேலைக்கு அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரே மங்கிய படத்துக்குள் பல வேறு மனிதர்கள் பொருந்துவார்கள். சுருக்கிப் பார்த்தால் சரியாக வருகிறது என்பது அதே ஆள் என்பதற்குச் சான்றாகாது.

இன்று பரவலாகப் பயன்படும் ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் ஆகிய இரண்டும் எஃப்எஃப்எச்க்யூ என்ற 70,000 முகப்படங்களின் தொகுதியிலிருந்து கற்றவை. 2022இல் வந்த கோட்ஃபார்மர் 1024 குறிகள் கொண்ட அகராதி ஒன்றை வைத்திருக்கிறது. முகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அந்த அகராதியிலிருந்து பொருத்தமான குறியைத் தேர்ந்தெடுத்து முகத்தைக் கட்டுகிறது. அதிலுள்ள `w` என்ற அளவு 0 முதல் 1 வரை நகரும். 0க்கு அருகில் வைத்தால் அகராதியையே நம்பி அழகான, தெளிவான முகத்தைத் தரும். 1க்கு அருகில் வைத்தால் கொடுத்த படத்தை மதிக்கும். கொஞ்சம் மங்கல் மிச்சமிருக்கும். அடையாளம் முக்கியமென்றால் 0.8க்கு மேலிருந்து தொடங்கி, தேவைக்கு மட்டும் மெல்லக் குறைப்பது என் வழக்கம்.

இந்தக் கருவிகள் பொதுவில் அரிதானதைப் பிழையென்று கருதும். வலப் புருவத்தில் உள்ள பழைய தழும்பு, மேலுதட்டு மச்சம், முன்பற்களின் இடைவெளி, மூக்குத்தியின் சிறு கல், நெற்றிப் பொட்டு போன்றவை சில பிக்சல் அளவே உள்ள தனிப்புள்ளிகள். மங்கிய படத்தில் அவை அழுக்கிலிருந்து வேறுபட்டுத் தெரிவதில்லை. எனவே சீரமைக்கும்போது அவை துடைக்கப்பட வாய்ப்பு அதிகம். ஒருவரை அவராக்குவது பெரும்பாலும் இத்தகைய அரிய விவரங்கள்தான்.

தலை திரும்பியிருக்கும் நிலையில், அதே ஆளின் வேறு படங்களை முன்மாதிரியாகக் கொடுக்கலாம். முகப்படம் ஒன்றைக் கொடுத்தால் அதன் அடையாளத்தைப் பின்பற்றி வரையும் இன்ஸ்டன்ட்ஐடி, பியூலிட் போன்ற முறைகள் 2024இல் வந்தன. முன்மாதிரி இல்லாத சீரமைப்பைவிட இவை நம்பத்தக்கவை. முகப்பகுதியை மட்டும் வெட்டி, 1024 பிக்சலுக்குப் பெரிதாக்கி, முன்மாதிரியோடு குறைந்த `denoise` அளவில் வரைந்து, திரும்பச் சுருக்கி வைக்க வேண்டும். இவ்வாறு வெட்டிப் பெரிதாக்கும்போது ஒரு கண்ணுக்குக் கிடைக்கும் கட்டங்கள் இரண்டிலிருந்து பதினைந்துக்கு மேல் உயர்கின்றன. இந்த முறையின் பலன் முழுதும் அந்தக் கூடுதல் இடத்திலிருந்தே வருகிறது.

அதே ஆள்தானா என்று எப்படி அறிவது?

முக ஒப்பீட்டுக்கு ஆர்க்ஃபேஸ் என்ற மாடல் பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு முகத்தையும் 112 × 112 பிக்சலுக்குப் பொருத்தி 512 எண்களாக மாற்றுகிறது. இரு முகங்களின் எண்வரிசைகள் எவ்வளவு நெருங்கிய திசையில் இருக்கின்றனவோ அவ்வளவு உயர்ந்த மதிப்பெண் கிடைக்கும்; உயர்ந்தால் ஒரே ஆள் என்று கொள்வார்கள். கிடைக்கும் மதிப்பெண்ணை அப்படியே நம்புவதில் இரண்டு பொறிகள் உள்ளன.

முதல் பொறி: மங்கலே தனியாக மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். ஆள் மாறாமல் படம் மட்டும் மங்கியிருந்தாலும் எண் சரியும். ஆகவே முதலில் ஓர் அடித்தளம் வேண்டும். மூல முகத்தை 123 பிக்சலுக்குச் சுருக்கி, குறியாக்கி வழியாக ஓட்டி, அதை முழு அளவு மூல முகத்தோடு ஒப்பிட வேண்டும். ஆள் நிச்சயமாக ஒருவரே; எனவே அந்த மதிப்பெண் மங்கலின் விலையை மட்டும் காட்டும். சீரமைத்த முகத்தின் மதிப்பெண் அந்த அடித்தளத்துக்குக் கீழே போனால், கூர்மையைக் கூட்டி அடையாளத்தைக் குறைத்திருக்கிறோம் என்று பொருள். பார்க்க எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அந்த முகத்தை ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது பொறி நுட்பமானது. முன்மாதிரியைப் பின்பற்றி வரையும் முறைகள், முகம் அறியும் மாடல் ஒன்று தரும் எண்களைக் கொண்டே வழிநடத்தப்படுகின்றன. வரைந்ததை அதே குடும்பத்தைச் சேர்ந்த மாடலால் சோதித்தால், வினாத்தாளைத் தயாரித்தவரே விடையும் எழுதித் திருத்தியதாகிவிடும். மதிப்பெண் உயர்வாகத்தான் வரும். அதனால் சோதிக்கும் மாடல் வேறாக இருக்க வேண்டும்; அதற்கு மேல் மனிதக் கண்ணும் வேண்டும்.

மனிதக் கண்ணுக்கு நல்ல சோதனை, மூலப் படத்தையும் முடித்த படத்தையும் ஒரே இடத்தில் வைத்து மாற்றி மாற்றிக் காட்டுவது. எது துள்ளுகிறதோ அது மாறியிருக்கிறது. பார்வையின் திசை, இமை மடிப்பு, புருவத்தின் வால், காது மடல், உதட்டின் முனைகள், மச்சம், மூக்குத்தி என்று வரிசையாகப் பார்க்கலாம். பெரிதாக்கிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், படம் வழக்கமாகப் பார்க்கப்படும் சிறிய அளவிலும் பார்க்க வேண்டும்; முகத்தின் மொத்த வடிவம் மாறியிருந்தால் அங்கேதான் தெரியும். படத்தில் இருப்பவரோ அவருடைய வீட்டாரோ சொல்லும் தீர்ப்பு எந்த எண்ணையும்விட மேலானது. உடை மாற்றத்துக்கு எப்படியும் அவருடைய சம்மதம் வேண்டும் என்பதால், அந்தச் சம்மதத்தைக் கேட்கும்போதே முகத்தைப் பற்றியும் கேட்டுவிடலாம்.

மீட்க முடியாத இடம்

மூலப் படத்திலேயே தலை 40 பிக்சல்தான் என்றால், ஒரு கண்ணுக்கு ஐந்து பிக்சல் மட்டுமே இருக்கும். திருமணக் குழுப் படத்தின் பின்வரிசையில் நிற்பவர்களுக்கு இந்த நிலை நேரலாம். அவர்களுடைய இமை மடிப்பு எந்தக் கோப்பிலும் பதிவாகவில்லை. அதை எந்தக் கருவி காட்டினாலும் அது கண்டுபிடித்துச் சேர்த்ததே. அங்கே செய்யக்கூடியது, மூலப் படத்தின் 40 பிக்சல் முகத்தை அப்படியே திருப்பி வைப்பது மட்டுமே. அது மங்கலாக இருக்கும். ஆனால் பார்ப்பவரின் நினைவு அந்த மங்கலிலிருந்து சரியான ஆளைக் கண்டுகொள்ளும். கூர்மையாக்கிய அந்நிய முகம் அந்த வாய்ப்பையும் பறித்துவிடும்.

ஆகவே வேலையின் வரிசை தெளிவானது. உடையை மாற்றும் முன்பே முழு அளவு மூலக் கோப்பைப் பத்திரப்படுத்த வேண்டும். மாற்றிய பின், தலை அசையாதிருந்தால் மூல முகத்தையே வைக்க வேண்டும். அசைந்திருந்தால் மறுபடி ஓட்ட வேண்டும். அதுவும் கைகொடுக்காவிட்டால் அதே ஆளின் வேறு படங்களை முன்மாதிரியாக வைத்து வரைய வேண்டும். முன்மாதிரியே இல்லாத சீரமைப்பு கடைசி இடத்தில்தான் வரும். அப்படி வந்த முகம் ஊகம் என்பதைப் படத்தைப் பெறுபவரிடம் சொல்லிவிட வேண்டும். வரிசையில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் முகத்தில் அவருடைய பங்கு குறைந்து மாடலின் பங்கு கூடுகிறது. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அறிந்து வேலை செய்பவர், உடையை எத்தனை முறை மாற்றினாலும் ஆளைத் தொலைக்க மாட்டார்.